இரண்டு கோடுகள் வெட்டும் புள்ளி

ஓய்வாக உட்கார்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை வெளியே தள்ளுகிறது. உடம்பில் ஓடும் மொத்த ரத்தமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே இதயத்துக்குள் போதுமான ரத்தம் வந்து சேர்ந்தால், நரம்புகளின் தூண்டுதல் எதுவும் இல்லாமலே அது நிமிடத்துக்கு 13 லிட்டர் வரை தள்ளிவிடும். அவ்வளவு திறன் இருக்கும்போது ஏன் 5 லிட்டரோடு நிற்கிறது? அந்த எண்ணை முடிவு செய்வது யார்?

இதயம்தான் என்று பட்டென்று சொல்லத் தோன்றும். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இதயத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது. 1895இல் ஜெர்மனியின் ஓட்டோ ஃபிராங்க் தவளை இதயங்களில் ஒரு குணத்தைக் கண்டார். துடிப்பதற்கு முன் இதயத் தசை எவ்வளவு நீண்டிருக்கிறதோ, அந்த அளவுக்கு அது வலுவாகச் சுருங்கியது. பிறகு லண்டனில் எர்னஸ்ட் ஸ்டார்லிங் நாயின் இதயத்தையும் நுரையீரலையும் மட்டும் இயங்க வைத்து, அவற்றுக்கு ஒரு தொட்டியிலிருந்து ரத்தத்தைப் பாய்ச்சி அதே குணத்தை உறுதி செய்தார். எவ்வளவு ரத்தம் உள்ளே வருகிறதோ, அவ்வளவையும் இதயம் வெளியே தள்ளிவிடுகிறது. ஸ்டார்லிங்கின் இதய விதி என்று இன்றும் மருத்துவ மாணவர்கள் படிப்பது இதைத்தான்.

ஆனால் அந்தச் சோதனையில் தொட்டியிலிருந்து எவ்வளவு ரத்தம் இறங்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கையில் இருந்தது. உயிருள்ள உடம்பில் அப்படி வெளியே இருந்து திறந்துவிட யாரும் இல்லை. இதயம் தள்ளிய ரத்தமே தமனிகளுக்குள் போய், நுண்குழாய்களைக் கடந்து, சிரைகள் வழியாக மீண்டும் அதே இதயத்துக்கு வந்து சேர வேண்டும். இதயம் வரவைச் சார்ந்திருக்கிறது. வரவு இதயத்தைச் சார்ந்திருக்கிறது. இந்தச் சுற்றுக்குள் நின்று யோசித்தால் தலை சுற்றும். வெளியே வர ஒரு வழி கண்டவர் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த ஆர்தர் கைட்டன்.

கைட்டன் அறுவை மருத்துவராக வேண்டும் என்று பயிற்சியில் இருந்தவர். 1946இல் போலியோ தாக்கியது. வலது காலும் இடது கையும் தோள்களும் செயலிழந்துபோக, அறுவை மேசை அவருக்கு எட்டாததாயிற்று. ஊருக்குத் திரும்பி உடலியங்கியல் ஆசிரியரானார். அவர் எழுதிய பாடநூல் 1956இல் வெளிவந்து, இன்றும் புதுப்பிக்கப்பட்டு உலகெங்கும் மருத்துவ மாணவர்களின் கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, 1955இல், ரத்த ஓட்டத்தின் அளவை ஒரே வரைபடத்தில் இரண்டு கோடுகளை வெட்டவைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஸ்டார்லிங் வரைந்தது பாதி. மீதிப் பாதியை வரைந்தவர் கைட்டன் என்றே நான் நினைக்கிறேன்.

அந்த மீதிப் பாதி சிரைகளின் கதை. அதைப் புரிந்துகொள்ள, இதயம் ஒரு கணம் நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். துடிப்பு நின்றதும் தமனிகளில் இருக்கும் உயர் அழுத்தம் இறங்குகிறது, சிரைகளின் தாழ் அழுத்தம் கொஞ்சம் ஏறுகிறது. ஓட்டம் முழுவதும் நின்று, எல்லாக் குழாய்களிலும் ஒரே அழுத்தம் வந்துவிடும். அது பூஜ்யம் இல்லை. கைட்டனின் நாய்களில் அது சுமார் 7 மில்லிமீட்டர் பாதரசமாக இருந்தது. (ரத்த அழுத்தத்தை 120, 80 என்று சொல்கிறோமே, அதே அலகு. இனி எண்ணை மட்டும் சொல்கிறேன்.) இதயம் வேலை செய்யாதபோதும் மிஞ்சியிருக்கும் இந்த அழுத்தத்தை நிரப்பு அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அது எங்கிருந்து வருகிறது? சைக்கிள் டியூபை நினைத்துப் பாருங்கள். காற்றில்லாமல் தட்டையாகக் கிடக்கும் டியூபுக்குள் முதலில் அடிக்கும் காற்றெல்லாம் அதை உருட்சியாக்குவதற்கே போய்விடும். விரலால் அழுத்தினால் அப்படியே அமுங்கும். உருட்சியான பிறகு அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும்தான் டியூப் விறைக்கிறது. நம் ரத்தக் குழாய்களும் அப்படியே. 5 லிட்டரில் சுமார் 4 லிட்டர், குழாய்களை வெறுமனே நிரப்புவதற்கே செலவாகிறது. கடைசி 1 லிட்டர்தான் சுவர்களை இழுத்து விறைக்க வைக்கிறது. அந்த 7 என்ற அழுத்தம் முழுவதும் அந்த 1 லிட்டரின் கொடை. கணக்கிட்டால், ஏறக்குறைய 140 மில்லி ரத்தம் கூடினால் நிரப்பு அழுத்தம் 1 கூடுகிறது. அவ்வளவு குறைந்தால் 1 குறைகிறது. இந்த 140 என்ற எண்ணை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு செய்தியும் இதில் ஒளிந்திருக்கிறது. ரத்தத்தின் அளவு மாறாமலே நிரப்பு அழுத்தம் ஏறலாம். நரம்புகள் தூண்டிச் சிரைகளின் சுவர்கள் இறுகினால், சும்மா நிரப்பிக்கொண்டிருந்த 4 லிட்டரில் ஒரு பகுதி விறைக்க வைக்கும் கணக்கில் சேர்ந்துவிடும். உடம்பு தனக்குத் தானே ரத்தம் ஏற்றிக்கொள்வது போன்ற வேலை இது. சில நொடிகளில் நடந்து முடிந்துவிடும்.

இனி, சிரைகளிலிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்புவதைக் கவனிப்போம். சிரைகளின் முடிவில் இருப்பது இதயத்தின் வலது மேலறை. உடம்பெங்கும் உள்ள நிரப்பு அழுத்தம் ரத்தத்தை அதை நோக்கித் தள்ளுகிறது. மேலறைக்குள் இருக்கும் அழுத்தம் எதிர்த்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, வழியில் உள்ள தடையால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் திரும்பும் என்று கிடைத்துவிடும். அந்தத் தடையைக் கைட்டன் கொடுக்கும் கணக்கில் 1.4 என்று வைக்கலாம். மேலறை அழுத்தம் சாதாரணமாக 0. எனவே 7ஐ 1.4ஆல் வகுத்தால் 5 லிட்டர்.

நிரப்பு அழுத்தம் 7 என்று சொல்லும் சோதனை எளிதாக இருந்திருக்காது. மின்சாரத்தால் நாயின் இதயத்தை நிறுத்தி, தமனியில் தேங்கிய ரத்தத்தை உடனடியாகச் சிரைப் பக்கம் பம்பால் மாற்றி, நரம்புகள் விழித்துக்கொள்வதற்குள் சில நொடிகளில் அழுத்தத்தை அளந்தார்கள். மேலறை அழுத்தத்தை ஏற்றி இறக்கி வரவை அளக்க வேறொரு ஏற்பாடு. வலது மேலறையிலிருந்து ரத்தத்தை ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே எடுத்து, பம்ப் மூலம் நுரையீரல் தமனிக்குள் செலுத்தினார்கள். அந்தக் குழாயை உயர்த்தினால் மேலறை அழுத்தம் ஏறும், தாழ்த்தினால் இறங்கும். இப்படிக் கிடைத்த புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வந்தது.

கையில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் இப்போது சேர்ந்தே வரையலாம். படுக்கை அச்சில் வலது மேலறை அழுத்தம், இடது ஓரத்தில் -4 தொடங்கி வலப்பக்கம் +14 வரை. நிற்கும் அச்சில் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று 0 முதல் 15 வரை.

முதலில் சிரைக் கோடு. மேலறை அழுத்தம் 7 ஆகிவிட்டால் நிரப்பு அழுத்தத்துக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை, வரவு 0. அங்கே ஒரு புள்ளி. அழுத்தம் 0 ஆகும்போது வரவு 5. அங்கே ஒரு புள்ளி. இரண்டையும் சேர்த்தால் இடது மேலிருந்து வலது கீழாக இறங்கும் நேர்கோடு. ஆனால் 0க்கும் இடப்பக்கம் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போவதில்லை. -2 அளவில், சுமார் 6 லிட்டரில் படுத்துவிடுகிறது. மார்புக்குள் நுழையும் இடத்தில் பெருஞ்சிரைகளின் மெல்லிய சுவர்கள் உள்ளிழுப்பால் ஒட்டிக்கொள்வதே காரணம். இதயம் இதற்கு மேல் எவ்வளவு இழுத்தாலும் கூடுதல் ரத்தம் வராது.

அடுத்தது ஸ்டார்லிங்கின் இதயக் கோடு. மேலறை அழுத்தம் -4இல் இதயத்துக்குள் ஏறக்குறைய எதுவும் நுழைவதில்லை, வெளியீடும் 0ஐ ஒட்டியே. 0இல் 5 லிட்டர். +2இல் சுமார் 9. +4இல் 13ஐத் தொட்டு, அதற்குப் பிறகு படுத்துவிடும். இது இடமிருந்து வலமாகச் செங்குத்தாக ஏறிக் கடைசியில் மட்டமாகும் வளைவு.

இரண்டு கோடுகளும் ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டுகின்றன: அழுத்தம் 0, ஓட்டம் 5. ரத்த ஓட்டம் வட்டமாகச் சுற்றுவது என்பதால், சில துடிப்புகளுக்கு மேல் வரவும் வெளியீடும் வேறு வேறாக இருக்க முடியாது. இரண்டும் சமமாகும் ஒரே இடம் அந்த வெட்டும் புள்ளி. அதுதான் இயங்கு புள்ளி.

அந்தப் புள்ளியிலிருந்து தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று பார்த்தால், கோடுகள் உயிர் பெறுவதை உணரலாம். ஏதோ ஒரு காரணத்தால் மேலறை அழுத்தம் ஒரு கணம் +2 ஆகிவிட்டது என்று கொள்வோம். இதயக் கோட்டின்படி இதயம் நிமிடத்துக்கு 9 லிட்டர் வேகத்தில் தள்ளத் தொடங்கும். சிரைக் கோட்டின்படி வருவதோ 3.6 லிட்டர் வேகத்தில்தான். வருவதைவிடப் போவது மிக அதிகம். மேலறை சில துடிப்புகளிலேயே வடிந்து, அழுத்தம் 0க்கு இறங்கிவிடும். அழுத்தம் -2க்குப் போனால் நேர் எதிராக நடக்கும்: இதயம் 2 லிட்டர் அளவில் தள்ள, 6 லிட்டர் அளவில் வந்து சேர்கிறது, மேலறை நிரம்பி மீண்டும் 0. மூளை கட்டளையிட வேண்டியதில்லை, நரம்பும் வேண்டியதில்லை. இரண்டு கோடுகளின் சாய்வுகளே புள்ளியைப் பிடித்து வைத்திருக்கின்றன.

இதிலிருந்து முதலில் கிடைப்பது பலருக்கு நம்பக் கடினமான ஒரு முடிவு. ஓய்வில் இருப்பவரின் இதயத்தை மட்டும் இருமடங்கு வலுவாக்கினால் ஓட்டம் இருமடங்காகாது. இதயக் கோடு மேலே எழும்பும், ஆனால் சிரைக் கோடு அப்படியே இருக்கும். அதன் மட்டமான பகுதியில் போய் வெட்டும். 5 லிட்டர், 6ஐ நெருங்கும், அவ்வளவுதான். ஓடும்போது ஓட்டம் பல மடங்கு ஏறுகிறதே என்று கேட்கலாம். அப்போது மாறுவது சிரைக் கோடும்தான். சிரைகள் இறுகி, தசைகளும் பிழிந்து நிரப்பு அழுத்தத்தை 14 ஆக்குகின்றன என்றும், உழைக்கும் தசைகளின் சிறு தமனிகள் விரிந்து தடை பாதியாகி 0.7 ஆகிறது என்றும் வைத்துக்கொள்வோம். 14ஐ 0.7ஆல் வகுத்தால் 20 லிட்டர். அதைத் தாங்கும் அளவுக்கு நரம்புகள் இதயக் கோட்டையும் உயர்த்திவிடுகின்றன. இரண்டும் ஒன்றாக எழும்பும்போதுதான் புள்ளி 20க்குப் போகிறது.

ரத்த தானத்திலும் இதையே பார்க்கலாம். நம் ஊரில் ஒருவரிடம் ஒரு முறைக்கு 350 அல்லது 450 மில்லி எடுக்கிறார்கள். 350ஐ 140ஆல் வகுத்தால் 2.5. உடம்பு ஒன்றும் செய்யாமல் இருந்தால் நிரப்பு அழுத்தம் 7இலிருந்து 4.5க்கு இறங்கும். சிரைக் கோடு முழுவதும் இடப்பக்கம் நகர்ந்து, இதயக் கோட்டை 4 லிட்டருக்கும் கீழே வெட்டும். நடைமுறையில் சிரைகள் இறுகி அந்த இழப்பை ஈடுசெய்கின்றன, கொடுத்தவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஆனால் அந்த ஈடுசெய்தல் ஏற்கெனவே பயன்பட்டுவிட்ட நிலையில் சட்டென்று எழுந்து நின்றால், கால்களில் ரத்தம் தங்கி கோடு மேலும் இடப்பக்கம் போகும், தலை சுற்றும். பத்துப் பதினைந்து நிமிடம் படுத்திருங்கள், ஏதாவது குடியுங்கள் என்று செவிலியர்கள் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

இந்த வரைபடத்தின் முழு வலிமையும் தெரிவது மாரடைப்பில். ஒருவரின் இதயத் தசையில் ஒரு பெரும்பகுதிக்கு ரத்தம் போவது திடீரென்று நின்றுவிட்டது. தாளில் இதயக் கோட்டை அழித்துவிட்டு, மிகத் தாழ்வாக, +4இல் 2 லிட்டர் அளவே வரும்படி வேறு ஒன்று வரையுங்கள். சிரைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்தக் கோடு பழைய இடத்திலேயே. இரண்டும் இப்போது வெட்டுவது +4இல், 2 லிட்டரை ஒட்டி. சரிபார்க்கலாம்: 7இலிருந்து 4ஐக் கழித்தால் 3, 1.4ஆல் வகுத்தால் 2.1. சில நொடிகளுக்குள் நோயாளி இருப்பது இங்கேதான். ரத்த அழுத்தம் விழுந்து, தோல் சில்லிட்டு, வியர்த்து, மயக்கம் வருகிறது. வலது மேலறையில் அழுத்தம் ஏறியது ஏன் என்பதும் விளங்குகிறது: தள்ள முடியாத இதயத்தின் வாசலில் ரத்தம் தேங்குகிறது.

அரை நிமிடத்துக்குள் நரம்புகள் முழு வேகத்தில் இறங்கிவிடுகின்றன. சேதமாகாத தசை வலுவாகச் சுருங்க, இதயக் கோடு கொஞ்சம் எழும்புகிறது. சிரைகள் இறுகி நிரப்பு அழுத்தம் 10க்குப் போகிறது. புதிய புள்ளி மேலறை அழுத்தம் +5இல் விழுகிறது. 10இலிருந்து 5 போக 5, வகுத்தால் 3.6 லிட்டர். ஓய்வில் படுத்திருப்பவரை உயிரோடு வைக்க இது போதும். மயங்கிய ஒருவர் நிமிடத்துக்குள் கண் திறப்பதன் பின்னால் பல நேரம் இந்த நகர்வு இருக்கிறது.

அடுத்த கட்டம் நாட்கணக்கில் நடக்கிறது, அதை நடத்துவது சிறுநீரகங்கள். வரும் ரத்தம் குறைந்ததும் அவை உப்பையும் நீரையும் வெளியே விடாமல் பிடித்துவைக்கின்றன. ரத்தத்தின் அளவு ஏறுகிறது, சிரைக் கோடு வலப்பக்கம் நகர்கிறது. ஒரு வாரம் பத்து நாளில், இதயமும் ஓரளவு தேறியிருக்க, நிரப்பு அழுத்தம் 13, மேலறை அழுத்தம் 6 என்று புள்ளி நிலைக்கிறது என்று கொள்வோம். 13இலிருந்து 6 போக 7, வகுத்தால் 5 லிட்டர். நரம்புகளின் அவசர வேலை முழுவதும் தேவையில்லாமல் போய்விட்டது. அந்த 7ஐ 13 ஆக்க 140 வீதம் கணக்கிட்டால் 840 மில்லி ரத்தம் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. தேங்கிய நீரில் ரத்தத்தில் தங்குவது ஒரு பங்குதான், மீதி திசுக்களுக்குள் போகிறது. எடை பார்க்கும் கருவி காட்டும் ஏற்றம் இதைவிட அதிகமாகவே இருக்கும்.

இங்கே நின்று கவனிக்க வேண்டும். ஓட்டம் மீண்டும் 5 லிட்டர். ரத்த அழுத்தம் சரியாக இருக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் மனிதருக்கு ஒன்றுமில்லை என்றே தோன்றும். உறவினர்களும் அப்படித்தான் நம்புகிறார்கள். ஆனால் அவருடைய புள்ளி, இதயக் கோட்டின் மட்டமான பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. மாடிப்படி ஏறும்போது தசைகள் சிரைக் கோட்டை மேலேற்றினாலும், வெட்டும் இடம் வலப்பக்கம் நகருமே தவிர உயராது; ஓட்டம் கூடாமல் அழுத்தம் மட்டும் ஏறும். பத்துப் படிக்குள் மூச்சு வாங்குவது இதனால்தான். அவர் செலவழித்துவிட்டது கையிருப்பை. அதை ஓய்வில் எடுக்கும் எந்த எண்ணும் காட்டாது. ஒன்றைத் தவிர: மேலறை அழுத்தம்.

அதைப் பார்க்க ஊசி குத்த வேண்டியதில்லை. நோயாளியை 45 பாகைச் சாய்வில் உட்காரவைத்துக் கழுத்துச் சிரையைப் பார்ப்பது பழங்காலம் தொட்டு மருத்துவர்கள் செய்வது. மேலறை அழுத்தம் 6 என்றால், அது தாங்கும் ரத்தத்தின் உயரம் சுமார் 8 சென்டிமீட்டர். மார்பெலும்பில் மேல்பகுதியும் நடுப்பகுதியும் சேரும் மேடு, மேலறையிலிருந்து 5 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டு அளப்பது வழக்கம். எனவே அந்த மேட்டுக்கு மேல் 3 சென்டிமீட்டர் வரை கழுத்தில் சிரை துடிப்பது தெரியும். இது எல்லைக்கோடு. அழுத்தம் 15க்குப் போனால் 20 சென்டிமீட்டர். தாடைக்கோணம் வரை சிரை புடைத்திருக்கும். இதைப் பார்க்கும் பழக்கம் குறைந்துவருவதில் எனக்கு வருத்தம் உண்டு. எக்கோ கருவி இல்லாத ஊரிலும் கழுத்து இருக்கிறது.

சேதம் பெரிதாகி, இதயக் கோடு எந்த அழுத்தத்திலும் 5 லிட்டரைத் தொடாவிட்டால் வேறு கதை. சிறுநீரகங்கள் தமக்குப் போதுமான ரத்தம் வரும்வரை நீரைப் பிடித்துவைத்துக்கொண்டே இருக்கும். அந்த அளவு ஒருபோதும் வராது. சிரைக் கோடு நாள்தோறும் வலப்பக்கம் நகர, புள்ளி மட்டமான கோட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போகிறது: 6, 9, 12, 15. பாதம் வீங்குகிறது, கல்லீரல் வீங்கி வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது, வயிற்றில் நீர் சேர்கிறது. கடைசியில் அளவுக்கு மீறி நீண்ட தசை இன்னும் தளர, மட்டமாயிருந்த கோடே கீழ்நோக்கி வளையத் தொடங்கும்.

நீர் பிரிவதற்கு லாசிக்ஸ் போன்ற மருந்து கொடுப்பது சிரைக் கோட்டை இடப்பக்கம் இழுப்பதற்கே. மட்டமான பகுதியில் இருக்கும்வரை இது நோயாளிக்குக் கிடைக்கும் நல்ல பேரம். அழுத்தம் 15இலிருந்து 8க்கு வந்தாலும் ஓட்டம் ஏறக்குறைய குறைவதே இல்லை, வீக்கம் மட்டும் வடிகிறது. ஆனால் அதே மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் ஒரு நாள் புள்ளி வளைவின் செங்குத்தான பகுதிக்கு வந்துவிடும். அதன்பின் இழக்கும் ஒவ்வொரு 140 மில்லியும் ஓட்டத்தைக் குறைக்கும். எழுந்து நின்றால் தலை சுற்றுவதும், நாக்கு வறள்வதும், ரத்தப் பரிசோதனையில் யூரியாவும் கிரியாட்டினினும் ஏறுவதும் அந்த வளைவு வந்துவிட்டதைச் சொல்கின்றன. தினமும் காலையில் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதிவையுங்கள் என்று சொல்வது, கோடு எந்தப் பக்கம் நகர்கிறது என்று வீட்டிலிருந்தே அறிவதற்காக.

இந்த வரைபடத்துக்கு எட்டாத இடங்களும் உண்டு. இது இரண்டு பக்க இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்து ஒரே பெட்டியாகக் கொள்கிறது. மாரடைப்பு பெரும்பாலும் பாதிப்பது இடது கீழறையை. அப்போது ரத்தம் முதலில் தேங்குவது நுரையீரலில். வலது மேலறை அழுத்தம் அவ்வளவாக ஏறாமலே ஒருவருக்கு நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறலாம். நம் படுக்கை அச்சில் அது தெரியாது. கழுத்தைப் பார்த்துவிட்டு முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைக்காமல் போகக் கூடாது.

கைட்டனின் விளக்கத்தையே கேள்வி கேட்டவர்களும் இருக்கிறார்கள். மேலறை அழுத்தம் கூடுவதால் வரவு குறைகிறது என்று அவர் சொன்னார். அவருடைய சோதனையிலோ ஓட்டத்தை நடத்தியது பம்ப். பம்பின் வேகம் குறைந்ததால்தான் மேலறையில் அழுத்தம் ஏறியது என்றும் அதே புள்ளிகளைப் படிக்கலாமே என்று 1979இல் மேத்யூ லெவி கேட்டார். நியாயமான கேள்வி. கோடு ஒன்றுதான், எது காரணம் எது விளைவு என்பதில்தான் சச்சரவு. நிலைத்த ஓட்டத்தில் புள்ளி எங்கே விழும் என்பதை அது மாற்றுவதில்லை. மனிதர்களில் நிரப்பு அழுத்தத்தை நேரடியாக அளக்க அரிதான வாய்ப்புகளே உண்டு. டீஃபிப்ரிலேட்டர் கருவி பொருத்தும்போது அது வேலை செய்கிறதா என்று பார்க்க இதயத்தைச் சில நொடி நிறுத்துவார்கள். அப்போது எடுத்த அளவுகள் 10ஐ ஒட்டி வந்திருக்கின்றன. எனவே இந்தக் கட்டுரையின் 7, 1.4, 140 எல்லாம் கணக்கை விளக்குவதற்கான எண்கள். ஒரு குறிப்பிட்ட நோயாளியின் எண்கள் வேறாகவே இருக்கும்.

அந்த வேறுபாட்டை மறந்ததால் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரு தவறான பழக்கம் நீண்ட காலம் நிலைத்தது. கிருமித் தொற்று ரத்தத்தில் பரவி அழுத்தம் விழுந்தவர்களுக்கு, மேலறை அழுத்தம் 8 முதல் 12 வரை வரும்படி சலைன் ஏற்றவேண்டும் என்று 2001இல் அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் நடந்த ஓர் ஆய்வைத் தொடர்ந்து உலகெங்கும் வழிகாட்டு நெறி வந்தது. வரைபடத்தைப் பார்த்தால் இதன் ஓட்டை தெரியும். மேலறை அழுத்தம் என்பது இரண்டு கோடுகள் சேர்ந்து உண்டாக்கும் விளைவு. 8 என்ற ஒரே எண், நல்ல இதயமும் நிறைந்த சிரைகளும் இருப்பவரிடம் கிடைக்கலாம். தளர்ந்த இதயம் இருப்பவரிடமும் கிடைக்கலாம். முதலாமவரின் புள்ளி 13 லிட்டரில் இருக்க, இரண்டாமவரின் புள்ளி 3 லிட்டரில் இருக்கக்கூடும். எண்ணை மட்டும் துரத்தினால் இரண்டாமவருக்கும் சலைன் ஏற்றி நுரையீரலை நனைத்துவிடுவோம். 2014, 2015இல் மூன்று பெரிய ஆய்வுகள் அந்த முறையால் உயிர் பிழைப்பது கூடவில்லை என்று காட்டிய பிறகு, வழிகாட்டு நெறியிலிருந்து அந்த இலக்கு நீக்கப்பட்டது.

கேட்க வேண்டிய கேள்வி, இந்த நோயாளியின் புள்ளி இதயக் கோட்டின் செங்குத்தான பகுதியில் இருக்கிறதா, மட்டமான பகுதியில் இருக்கிறதா என்பது. அதைக் கண்டுபிடிக்கச் சிரைக் கோட்டைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளிப் பார்க்க வேண்டும், வேண்டாமென்றால் திரும்ப இழுக்கவும் முடிய வேண்டும். ஏற்றிய சலைனைத் திரும்ப எடுக்க முடியாது. அதனால் இப்போது பல இடங்களில் செய்வது இது: பாதி உட்கார்ந்த நிலையில் இருப்பவரின் கட்டிலை இயக்கி, உடம்பைக் கிடத்தி, இரண்டு கால்களையும் 45 பாகை உயர்த்துகிறார்கள். கால்களிலும் வயிற்றிலும் இருந்த சுமார் 300 மில்லி ரத்தம் மார்பை நோக்கி இறங்குகிறது. 140ஆல் வகுத்தால் நிரப்பு அழுத்தத்தில் 2 அளவுக்கு ஏற்றம். அடுத்த ஒரு நிமிடத்துக்குள் எக்கோவிலோ வேறு கருவியிலோ ஓட்டத்தை அளக்கிறார்கள். 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் புள்ளி செங்குத்தான பகுதியில் இருக்கிறது, சலைன் பலன் தரும். ஓட்டம் அசையாமல் மேலறை அழுத்தம் மட்டும் ஏறினால் மட்டமான பகுதி. சலைனை நிறுத்திவிட்டு, இதயக் கோட்டையே உயர்த்தும் டோபுடமின் போன்ற மருந்தை யோசிக்கிறார்கள். அளந்து முடிந்ததும் கட்டில் பழைய நிலைக்குத் திரும்புகிறது, இறங்கிய 300 மில்லியும் கால்களுக்கே போய்விடுகிறது.